நான்காவது குழாயில் எவ்வளவு ஈயம்?

குடிநீரில் ஈயத்தை அளக்கும் ஆய்வகங்கள் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் ஈயம் உள்ள கரைசலை வாங்கிப் படிப்படியாக நீர்க்கச் செய்கின்றன. 1 மில்லி கரைசலுடன் 9 மில்லி நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்தால் பத்து மடங்கு நீர்ப்பு. அதிலிருந்து 1 மில்லி அடுத்த குழாய்க்குப் போகும். நான்கு முறை செய்தால் 10×10×10×10. கடைசிக் குழாயில் 0.1 மில்லிகிராம்.

வழக்கமான தவறு, 9-க்குப் பதில் 10 மில்லி ஊற்றுவது. மொத்தம் 11 மில்லி ஆகிவிடும்!

முதல் குழாயில் பிழை 9 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு படியிலும் அது பெருகும். நான்காவதில் இருப்பது 0.068, சீட்டிலோ 0.1 என்றிருக்கும். அந்த அளவுகோலில் பார்த்தால் தண்ணீரில் ஈயம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

கண்டுபிடிக்க, வேறொரு புட்டியிலிருந்து நேரடியாக நீர்த்த கரைசலை அதே கருவியில் அளந்து பாருங்கள்.