ஐந்து மணிக்கு மேல் யார் பொறுப்பு?

பள்ளி ஹாலை மாலையில் கேட்டு எழுதும் கடிதங்கள் பலவும் கலையின் பெருமையில் தொடங்கி, 'அனுமதி அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிந்துவிடும். பரதநாட்டியம் நல்லது என்பதில் முதல்வருக்குச் சந்தேகமே இல்லை. அவர் யோசிப்பது வேறு. கடைசி மணி அடித்து வேன்கள் கிளம்பிய பிறகும் வளாகத்தில் இருக்கப்போகும் இருபது பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த மாநிலம் இது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

ஒரு சிறு நகரத்து மெட்ரிக் பள்ளியை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் நடன ஆசிரியை ஒருவர் திங்கள், புதன், வெள்ளி மாலை 5 முதல் 6.30 வரை ஹாலைக் கேட்கிறார். மாதக் கட்டணம் 600 ரூபாய். கடிதத்தை முதல்வருக்குத்தான் எழுத வேண்டும், ஆனால் தனியார் பள்ளியில் முடிவு பெரும்பாலும் தாளாளர் கையில். ஆசிரியையின் முகத்தையே பார்த்திராத அவருக்கும் புரியும்படி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். (அரசுப் பள்ளி என்றால் கதையே வேறு, மேலதிகாரிகளைக் கேட்காமல் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடமாட்டார்.)

பொருள் வரியில் சுற்றி வளைக்க வேண்டாம். 'பள்ளி ஹாலில் மாலை நேரக் கட்டண நடன வகுப்பு நடத்த அனுமதி கோருதல் தொடர்பாக.' கட்டணம் என்ற சொல்லை மறைத்துவிட்டுப் பிறகு நேரில் சொல்கிறவர்கள் உண்டு. அங்கேயே நம்பிக்கை போய்விடும். அடுத்த பத்தியில் வர வேண்டியது இது:

'வகுப்பு முடியும்வரை நானும் என் உதவியாளரும் ஹாலிலேயே இருப்போம். பெற்றோர் எழுதிக் கொடுத்த நபரிடம் மட்டுமே பிள்ளையை அனுப்புவோம். கடைசிப் பிள்ளை போன பிறகே நாங்கள் கிளம்புவோம். 6.45-க்குள் விளக்கு, மின்விசிறிகளை அணைத்து, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவேன்.'

நான்கே வாக்கியம்தான். தாளாளர் கேட்கக்கூடியதில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

மீதிப் பாதி பணம். பள்ளிக்கு என்ன தருவது என்று யோசிக்கும்போது எல்லாருக்கும் முதலில் கரன்ட் பில்தான் நினைவுக்கு வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சொற்பம். எட்டு மின்விசிறி, எட்டு ட்யூப் லைட் சேர்த்து ஏறக்குறைய முக்கால் கிலோவாட். மாதம் பன்னிரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம் என்றால் 14 யூனிட்கூட ஆகாது. யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 140 ரூபாய்க்குள் அடங்கிவிடும். உண்மையான செலவு காவலாளி கூடுதலாக நிற்கும் நேரமும், மறுநாள் காலைக்குள் ஹாலையும் கழிப்பறையையும் பெருக்கிக் கழுவி வைக்கும் ஆயாவின் வேலையும்தான். இருபது பேர் சேர்ந்தால் வசூல் 12,000. அதில் 2,000 ரூபாயை இந்த இரண்டு வேலைக்கென்று குறிப்பிட்டுப் பள்ளி அலுவலகத்தில் ரசீது பெற்றுக் கட்டுவதாக எழுதினால், வெறுமனே 'தக்க வாடகை தருகிறேன்' என்பதைவிட எடுபடும். பள்ளிக் கட்டடத்தை வணிகத்துக்கு விடுவது அங்கீகாரத்துக்கே சிக்கல் ஆகலாம் என்பதால், வாடகை என்ற பேச்சே பல நிர்வாகங்களை மிரளவைக்கும்.

இன்னொரு பயமும் உண்டு. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளின் கட்டணத்தைக் குழு ஒன்று நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் பள்ளி வசூலிக்கிறது என்று ஒரு பெற்றோர் புகார் எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் தாளாளர். அதனால் 'வகுப்பு விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். கட்டணத்தை நானே வாங்கி என் பெயரில் ரசீது தருவேன். பள்ளிக் கட்டணத்தோடு சேராது' என்ற வரி கட்டாயம் வேண்டும். கேட்பவர் அதே பள்ளியின் ஆசிரியை என்றால் இந்த வழியும் அடைபடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனியாகக் காசுக்குக் கற்பிப்பதைத் தடுக்கிறது.

பிறகு நாட்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு நடக்கும் பள்ளியில் தட்டுக்கழிச் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டால் ஒரே வாரத்தில் புகார் வரும். பொதுத்தேர்வு மையமாகவோ வாக்குச்சாவடியாகவோ பள்ளி மாறும் நாட்களில் வெளியாட்களுக்கு இடமே கிடையாது. 'அந்த நாட்களில் வகுப்பு இராது; ஹால் தேவைப்பட்டால் முந்தின நாள் சொன்னால் போதும்' என்று நாமே எழுதிவிட்டால் மறுக்க ஒரு காரணம் குறையும். அனுமதியையும் ஒரேயடியாக வருடம் முழுக்கக் கேட்காமல் மூன்று மாதத்துக்குக் கேட்கலாம். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்ற தைரியம் நிர்வாகத்துக்கு வரும்.

கடிதத்தோடு ஆதார் நகலையும் நடனத் தகுதிச் சான்றையும் இணைத்து, அலுவலகத்தில் கொடுக்கும்போது இரண்டாம் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்வது நல்லது. பத்து நாள் கழித்துப் போய் விசாரிக்கும்போது, 'எந்தக் கடிதம்?' என்று கேட்கும் எழுத்தரிடம் அதை நீட்டலாம்.