கேர் பிளான்: கண்டதற்கும் செய்வதற்கும் நடுவே ஒரு கோடு

வீட்டில் நர்சிங் படிக்கும் பெண்ணோ பையனோ இருந்தால், போஸ்டிங் முடிந்து வந்த இரவு அவர்கள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்று வார்டில் பார்த்துக்கொண்ட ஒரு நோயாளிக்கான 'கேர் பிளான்' அது. கல்லூரிக்குக் கல்லூரி கட்டங்களின் எண்ணிக்கை கொஞ்சம் மாறும். பொதுவாக அசெஸ்மென்ட், நர்சிங் டயக்னோசிஸ், இலக்கு, இன்டர்வென்ஷன், ரேஷனேல், இவால்யூவேஷன் என்று வரிசையாக இருக்கும். நோயாளியிடம் கண்டது, அதிலிருந்து தெரியும் பிரச்சினை, எட்ட நினைப்பது, அதற்குச் செய்வது, ஏன் செய்கிறோம், செய்தபின் கண்டது என்று அதைப் படித்துக்கொள்ளலாம்.

கட்டங்களை நிரப்புவது பெரிய வேலையில்லை. முதல் கட்டத்தில் எழுதியதற்கும் நான்காவது கட்டத்தில் எழுதியதற்கும் உறவு இருக்க வேண்டும். மதிப்பெண் பெரும்பாலும் குறைவது அங்கேதான். வார்டில் நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பு பிசகுவதும் அங்கேதான்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். வயது 58. பித்தப்பைக் கல்லுக்காக வயிற்றைத் திறந்து அறுவை செய்து இரண்டாம் நாள். வலது விலா எலும்புக்குக் கீழே சாய்வாகத் தையல். அவர் சொல்வது: "சளி தொண்டையிலயே நிக்குது. இருமினா தையல் பிரிஞ்சிடும்போல இருக்கு." இருமும்போது வலி எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு ஏழு என்கிறார். மாணவி பார்த்தது: நிமிடத்துக்கு 26 மூச்சு, எல்லாம் மேலோட்டமான மூச்சு. இருமல் பலவீனமாக இருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் கரகரவென்று சத்தம். பல்ஸ் ஆக்சிமீட்டரில் 93 சதவீதம். நீராகாரம் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், காலையிலிருந்து மாலை நான்கு மணிவரை குடித்தது இரண்டே டம்ளர்.

இதற்கு இன்டர்வென்ஷன் கட்டத்தில் வழக்கமாக வந்து விழும் வரிகள் இவை: மூச்சைக் கண்காணித்தல், வசதியாகப் படுக்க வைத்தல், டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுத்தல், ஆறுதல் சொல்லுதல். ஒன்றிலும் தப்பில்லை. ஆனால் நோயாளியின் பெயரை மறைத்துவிட்டால், இது யாருக்கு எழுதியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்துமாக்காரருக்கும் பொருந்தும், கால் முறிந்தவருக்கும் பொருந்தும். புத்தகத்திலிருந்து இறக்கிய பிளானை இந்தப் பொருத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு கட்டங்களையும் இணைக்கும் இடம் நடுவில் இருக்கிறது. நர்சிங் டயக்னோசிஸை மூன்று துண்டுகளாக எழுதச் சொல்லித் தருவார்கள்: பிரச்சினை, காரணம், அடையாளம். அமெரிக்கப் பேராசிரியை மார்ஜரி கோர்டன் முன்வைத்த முறை இது. நம் நோயாளிக்கு அதை இப்படி எழுதலாம்: சளியை வெளியேற்ற முடியவில்லை, தையல் வலியும், தையல் பிரிந்துவிடும் என்ற பயமும், தண்ணீர் குறைந்து சளி இறுகியதும் காரணம், பலவீனமான இருமல், நுரையீரல் சத்தம், வேகமான மூச்சு ஆகியவை அடையாளம்.

இந்த மூன்றில் இன்டர்வென்ஷன் பிறப்பது நடுத்துண்டிலிருந்து. இலக்கும் இவால்யூவேஷனும் பிறப்பது கடைசித் துண்டிலிருந்து. இது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. நடுத்துண்டில் நோயின் பெயரை எழுதக்கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம். 'நிமோனியாவால்' என்று எழுதினால் நர்ஸ் தன் கையால் மாற்றக்கூடியது அதில் எதுவும் இல்லை. வலி, பயம், தண்ணீர்க் குறைவு என்று எழுதினால் மூன்றுக்கும் அவர் செய்ய வேலை இருக்கிறது.

வலி காரணமா? டாக்டர் எழுதிய வலி மருந்தை முதலில் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கும்வரை, சுமார் அரை மணி நேரம் விட்டு, அதன்பின் இருமல் பயிற்சி. மருந்து ஒரு நேரத்திலும் பயிற்சி வேறொரு நேரத்திலும் என்று வைத்தால் இரண்டும் வீண். மார்ஃபின் வகை மருந்து என்றால் அதுவே மூச்சைக் குறைக்கக்கூடும் என்பதால், அரைத் தூக்கத்தில் ஆழ்கிறாரா, மூச்சு எத்தனை என்று பார்ப்பதும் அதே வரியில் சேரும். பயம் காரணமா? சிறிய தலையணையைத் தையல்மேல் வைத்து இரு கையாலும் அணைத்துப் பிடித்தபடி இருமக் காட்டித் தர வேண்டும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவதால், தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்து, விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து ஆழ்ந்த மூச்சு. சளி இறுகியதற்கு, மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பான தண்ணீர். ரேஷனேல் கட்டத்தில் 'நீர் உடலுக்கு நல்லது' என்பதல்ல, 'எட்டு மணி நேரத்தில் இரண்டு டம்ளர்தான் குடித்திருக்கிறார். சளி இளக நீர் வேண்டும்' என்று இந்த ஆளைப் பற்றியே எழுத வேண்டும்.

இப்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைப் பாருங்கள். அவருக்கும் மூச்சு 26, நுரையீரலின் அடிப்பக்கம் சத்தம், ஆக்சிஜன் 93. ஆனால் இரண்டு பக்கமும் சத்தம், கணுக்கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று நாளில் எடை கூடியிருக்கிறது. இதயம் சரியாக வேலை செய்யாமல் நுரையீரலில் நீர் தேங்கியவர். அடையாளத்தை மட்டும் பார்த்து முதல் பிளானை இவருக்குப் பெயர்த்து எழுதினால், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவருக்கு மணிக்கொரு தரம் தண்ணீர் கொடுத்த கதையாகிவிடும். காரணத்தைத் தாண்டி அடையாளத்திலிருந்து நேராகச் செயலுக்குப் போவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு பென்சில் போதும். முதல் கட்டத்தில் உள்ள ஒவ்வொரு தகவலிலிருந்தும் நான்காவது கட்டத்துக்குக் கோடு இழுக்க வேண்டும். கோடு போகாத தகவல் இருந்தால் அது கவனிக்கப்படாமல் விடப்பட்ட பிரச்சினை. அல்லது வேறொரு டயக்னோசிஸுக்கு உரியது. கோடு வந்து சேராத செயல் இருந்தால் அது புத்தகத்திலிருந்து வந்தது. எல்லாக் கோடும் நர்ஸின் கையில் முடிய வேண்டும் என்பதும் இல்லை. ஆக்சிஜன் 90க்குக் கீழே இறங்கினாலோ, காய்ச்சல் ஏறினாலோ, 'உடனே டாக்டருக்குச் சொல்லுதல்' என்பதே சரியான இன்டர்வென்ஷன். எந்த அளவில் சொல்ல வேண்டும் என்று எண்ணோடு எழுதினால்தான் அதற்குப் பயன்.

மறுநாள் காலை இவால்யூவேஷன். இருமும்போது வலி ஏழிலிருந்து மூன்றாகியிருக்கிறது, மூச்சு 20, ஆக்சிஜன் 96, சத்தம் குறைந்திருக்கிறது. ஆனால் சளி இன்னும் கெட்டியாகவே வருகிறது; தண்ணீர் குடிப்பதும் கூடவில்லை. 'தண்ணீர் குடிக்க அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். மாணவி கேட்டாள்: "ஏன்ப்பா குடிக்க மாட்டேங்குறீங்க?" அவர் சொன்னார்: "குடிச்சா பாத்ரூம் போகணும்மா. கட்டில்லேர்ந்து எந்திரிச்சா உயிர் போகுது."

தண்ணீர்க் குறைவுக்குப் பின்னால் இருந்த காரணம் இப்போதுதான் கட்டத்துக்குள் வருகிறது. புதிய வரியில் செய்ய வேண்டியது மாறுகிறது: நேராக எழாமல் ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழக் கற்றுக்கொடுத்தல், வலி மருந்து வேலை செய்யும் நேரத்தில் துணையோடு நடக்க வைத்தல், இரவில் கட்டிலருகே யூரின் கேன். தண்ணீரைப் பற்றி அவருக்கு அறிவுரை சொல்லும் வரியை இனி அடித்துவிடலாம்.