சி. சிவராமமூர்த்தியும் அமராவதிச் சிற்பத் தொகுப்பும்: ஓர் அருங்காட்சியகக் காப்பாளரின் பணி

முன்னுரை

தொல்பொருள் ஒன்று தன் இடத்தைவிட்டு அருங்காட்சியகத்திற்குள் வரும்போது, அதன் காலத்தைக் காட்டும் சான்றுகளில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்வது காப்பாளரின் முதற்பணியாகும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவில் காப்பாளராக விளங்கிய சி. சிவராமமூர்த்தி (1909-1983), அமராவதிச் சிற்பங்களைக் கொண்டு இப்பணியை எவ்வாறு ஆற்றினார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொகுப்பின் நிலை

ஆந்திரத்தின் அமராவதித் தூபியிலிருந்து 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த பளிங்கு போன்ற சுண்ணாம்புக் கற்பலகைகள் சென்னைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் பல 1859இல் இலண்டனுக்குச் சென்றன. பின்னர் நிகழ்ந்த அகழாய்வுகளில் கிடைத்தவை சென்னைத் தொகுப்பில் சேர்ந்தன. எந்தக் கல் தூபியின் எப்பகுதியில் இருந்தது என்ற குறிப்பு பலவற்றிற்கு இல்லை. மேலும், அக்காலக் காட்சிமுறைப்படி பல பலகைகள் சுவரில் சிமெண்டு கொண்டு பதிக்கப்பட்டன. இதனால் கல்லின் பின்புறம் மறைந்தது. சிமெண்டின் உப்பு கல்லில் ஊறிப் பரப்பை அரிக்கவும் வழி ஏற்பட்டது.

காலவரையறை

1942இல் வெளிவந்த தம் நூலில் சிவராமமூர்த்தி இச்சிற்பங்களை நான்கு காலப்பிரிவுகளாக வகுத்தார். முதற்பிரிவு ஏறத்தாழ கி.மு. 200-100, வேலித்தூண்கள் பெரும்பாலும் மூன்றாம் பிரிவான கி.பி. 150 அளவிலானவை, இறுதிப்பிரிவு கி.பி. 200-250. கல்வெட்டின் எழுத்தமைதியையும் சிற்பத்தின் நடையையும் அவர் ஒருங்கே நோக்கினார். இது தேவையானதே. பாதச்சுவடு, வெற்றிருக்கை, போதிமரம் ஆகிய குறியீடுகளால் புத்தரைக் காட்டும் வழக்கம், அவரை மனித உருவில் வடித்த பின்னும் தொடர்ந்தது. எனவே குறியீட்டை மட்டும் கொண்டு ஒரு சிற்பத்தை முற்பட்டது எனத் துணிய இயலாது.

பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள பலகை ஒன்று இச்சிக்கலைத் தெளிவாக்கும். அதன் ஒரு புறத்தில் கி.மு. முதல் நூற்றாண்டளவிலான போதிமர வழிபாடும், மறுபுறத்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவிலான தூபியின் உருவமும் உள்ளன. பழைய கல்லைத் திருப்பி மீண்டும் செதுக்கியுள்ளனர். இத்தகைய பலகை சுவரில் பதிந்திருப்பின், ஒரே ஒரு காலத்திற்குரியதாகவே அது பட்டியலில் இடம்பெறும்.

பொதுமக்கள் கல்வி

அணிகலன், உடை, படைக்கலம், இருக்கை ஆகியவற்றை இலக்கியச் செய்திகளோடு ஒப்பிட்டு அந்நூல் விளக்குகிறது. இதனால் அது பட்டியலாக நில்லாமல் பார்வையாளருக்கு வழிகாட்டும் நூலாகவும் அமைந்தது. தென்னிந்திய எழுத்துகள் பற்றிய அவருடைய நூலும் (1952) அருங்காட்சியக வெளியீடாகவே வந்தது. பின்னர் அவர் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார்.

முடிவுரை

பிற்கால ஆய்வுகள் அவர் வகுத்த ஆண்டெல்லைகளை மறுபரிசீலனை செய்துள்ளன. ஆயினும், எழுத்தமைதி, நடை, பொருட்கூறு ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவுசெய்த அவருடைய முறையால்தான் அத்தகைய மறுபரிசீலனையும் எளிதாயிற்று. ஒரு கல்லின் காலத்தை மட்டும் குறித்துச் செல்லும் பட்டியலைப் பின்வருவோர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம்; காரணத்தையும் குறித்துவைக்கும் பட்டியலையே திருத்த இயலும்.