எழுபதைத் தாண்டினால் விற்றுவிட வேண்டுமா?

மாத்தளையில் மிளகு வாங்கும் வியாபாரி, இரண்டு வாரமாக விலை ஏறுகிறது என்பதற்காகக் கையிருப்பையெல்லாம் தள்ளிவிட மாட்டார். காய்ப்பு எப்படி, ஏற்றுமதிக்காரர் கேட்கிறாரா என்று விசாரிப்பார். அதே ஆள் கைப்பேசியில் கொழும்புப் பங்குச் சந்தையைப் பார்க்கும்போது மட்டும் பதறுகிறார். வரைபடத்தின் அடியில் ஓடும் ஆர்எஸ்ஐ கோடு 70ஐத் தாண்டினால் ‘ஓவர்பாட், விற்றுவிடு’ என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கோட்டை உருவாக்கியவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். பொறியியல் படித்தவர். 1978இல் வெளியிட்ட புத்தகத்தில் 14 நாள் கணக்கையும், 70, 30 என்ற எல்லைகளையும் தந்தார். கணக்கு எளிது. கடந்த 14 நாட்களில் விலை ஏறிய நாட்களின் ஏற்றத்தை மட்டும் கூட்டி 14ஆல் வகுக்க வேண்டும். இறங்கிய நாட்களின் இறக்கத்தையும் அப்படியே தனியாகக் கூட்டி வகுக்க வேண்டும். முதல் சராசரியை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது RS.

```
RSI = 100 - 100 / (1 + RS)
```

100 ரூபாயில் இருந்த ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். 14 நாட்களில் ஏற்றங்கள் மொத்தம் 21 ரூபாய், இறக்கங்கள் 7 ரூபாய். விலை இப்போது 114. சராசரி ஏற்றம் 1.50, சராசரி இறக்கம் 0.50, RS 3. ஆர்எஸ்ஐ 75. சுற்றி வளைக்காமல் சொன்னால், பங்கு நகர்ந்த 28 ரூபாயில் முக்கால் பங்கு மேல்நோக்கிய நகர்வு. இந்த 75 சொல்வது அவ்வளவுதான். பங்கு மலிவா, விலை மிஞ்சியதா, கம்பனி லாபம் காட்டுகிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

பதினைந்தாம் நாள் முதல் வைல்டர் ஒரு சுருக்குவழி வைத்திருந்தார். நேற்றைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றைய ஏற்றத்தையோ இறக்கத்தையோ கூட்டி, 14ஆல் வகுத்தால் போதும். பழைய விலைகளை எழுதி வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

நம் பங்கு 75ஐத் தொட்ட பிறகு என்னவெல்லாம் நடக்கலாம்? அடுத்த பத்து நாளும் ஒவ்வொரு ரூபாயாக ஏறினால் விலை 124 ஆகும், ஆர்எஸ்ஐ 84 ஆகும். 114இல் விற்றவர் பத்து ரூபாயை விட்டிருப்பார். ‘விற்கும் எல்லை’யிலிருந்து கோடு ஒரு நாளும் இறங்கியிருக்காது. மாறாக, மறுநாளே இரண்டு ரூபாய் இறங்கினால் சராசரி ஏற்றம் 1.39, சராசரி இறக்கம் 0.61, ஆர்எஸ்ஐ 69.6. விலை 112தான்; ஆனால் கோடு எழுபதுக்குக் கீழே வந்துவிட்டது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆர்எஸ்ஐ தணிவதற்கு விலை பெரிதாக விழ வேண்டியதில்லை. சின்னச் சறுக்கலோ, சில நாள் ஏறி இறங்கி ஒரே இடத்தில் நிற்பதோ போதும். வலுவான ஏற்றத்தில் கோடு நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டே விலை மேலே போவது சாதாரணம்.

நம் சந்தையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொழும்பில் பல பங்குகளுக்கு நாள் கணக்கில் பெரிதாக விற்பனையே இருக்காது. விலை மாறாத நாளில் இரண்டு சராசரிகளும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் ஆர்எஸ்ஐ அப்படியே நிற்கும். பிறகு யாரோ ஒருவர் கொஞ்சம் பங்கை உயர்ந்த விலைக்கு வாங்கினால் கோடு துள்ளும். அந்தத் துள்ளலைச் சந்தையின் மனநிலை என்று நினைப்பது வீண். எத்தனை பங்கு கைமாறியது என்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். அது சொற்பமாக இருந்தால் நாள் வரைபடத்தை விட்டு வார வரைபடத்துக்குப் போங்கள்.

வைல்டர் வெறும் எழுபதை நம்பச் சொல்லவில்லை. விலை புதிய உச்சம் தொட்டும் ஆர்எஸ்ஐ தன் பழைய உச்சத்தை எட்டாமல் போவதையும், அதன் பிறகு இடைப்பட்ட பள்ளத்துக்குக் கீழே இறங்குவதையும் பார்க்கச் சொன்னார். வேகம் குறைகிறது என்பதற்கு அதுவே கொஞ்சமாவது ஆதாரம். அதுவும் எப்போதும் பலிக்காது.

2021இல் கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 6,774இல் தொடங்கி 12,226இல் முடிந்தது. ஆண்டின் வழியில் இறக்கங்களும் இருந்தன. ஆனால் அப்படிப்பட்ட ஆண்டில் எழுபதைக் கண்டதும் விற்று, திரும்ப வாங்காமல் ஒதுங்கியவருக்குக் கிடைத்தது ஏற்றத்தின் ஒரு துண்டு மட்டுமே. மறுபக்கமும் இதே கதைதான். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் திணறியபோது சுட்டெண் சரிந்து, ஆண்டு முடிவில் 8,500க்குச் சற்றுக் கீழே நின்றது. முப்பதைக் கண்டதும் வாங்கச் சொல்லும் விதியும் அந்தச் சரிவில் தனியாக நம்பத் தக்கதல்ல.