தொட்டிக்கு அடியில் வேர் எட்டிப் பார்க்குதா? மாத்தணுமா, எந்த சைஸ்?

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு போட்டோ வருதுன்னு வெச்சுக்குவோம். 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் பீஸ் லில்லி. அடித் துளையிலிருந்து மூணு வேர் வெளியே தொங்குது. ‘உடனே பெரிய தொட்டி வாங்குங்க’ என்று நாலு பேர் பதில் போடுவார்கள். கொஞ்சம் பொறுங்க.

வேர் ஈரத்தைத் தேடிப் போகும். அடித்தட்டில் எப்போதும் தண்ணீர் நின்றால், தொட்டிக்குள் இடம் இருந்தாலும் ஒன்றிரண்டு வேர் துளை வழியாக இறங்கிவிடும். அதனால் போட்டோவில் முதலில் தட்டைப் பாருங்க. அடுத்து நிறம். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் வேர் நல்லா இருக்கு. பழுப்பாகிக் குழைந்திருந்தால் அது அழுகல்; பெரிய தொட்டி அதைச் சரி பண்ணாது.

போட்டோ சொல்லாத விஷயம் உள்ளே இருக்கு. தண்ணீர் ஊற்றிய மறுநாளே செடி துவள்கிறதா? ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் நேராக அடியில் கொட்டுகிறதா? ரெண்டுக்கும் ஆமாம்னா, தொட்டியைச் சாய்த்து, பக்கங்களை அமுக்கி, செடியை மண்ணோடு உருவிப் பாருங்க. துளையில் வேர் சிக்கினால் இழுக்காதீங்க, தொட்டியை வெட்டிடுங்க. மண் பெரும்பாலும் தெரிந்தால் அப்படியே திரும்ப வைக்கலாம். மண்ணே தெரியாமல் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் மாத்தியே ஆகணும்.

நம்ம போட்டோ செடியில் வேர் அப்படித்தான் சுற்றியிருக்கு என்று வைப்போம். வாங்க வேண்டியது 8 அங்குலத் தொட்டி. இந்த அளவு வாய் விட்டத்தைக் குறிக்கும், டேப்பால் அளந்துக்கலாம். ரெண்டே அங்குலம்தானேன்னு தோணும். ஆனால் அதே வடிவத் தொட்டி 6-லிருந்து 8-க்குப் போகும்போதே மண்ணின் அளவு ரெண்டு மடங்கைத் தாண்டிவிடும். 12 அங்குலம் என்றால் 8 மடங்கு! அவ்வளவு மண்ணில் வேர் எட்டாத பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அழுகல் ஆரம்பிப்பது அங்கேதான். ‘அடிக்கடி மாத்த வேண்டாமே’ என்று பெருசா வாங்குவது பல செடிகளைக் கொன்றிருக்கு. பால்கனியில் இடமே இல்லையா? சுற்றிய வேரை ஓரங்களில் கொஞ்சம் நறுக்கி, புது மண் போட்டு, அதே தொட்டியிலேயே வைக்கலாம்.

வைக்கும்போது பழைய மண்மட்டம்தான் அளவு. தண்டை அதற்கு மேல் புதைக்க வேண்டாம். சுற்றிய வேரை விரலால் லேசாகப் பிரித்துவிடுங்க. டெல்லி, நாக்பூர் மாதிரி ஊர்களில் மே மாத வெயிலில் இந்த வேலை வேண்டாம், மழை தொடங்கட்டும். ஒருவேளை செடி தினமும் துவண்டால் மட்டும் காத்திருக்காம, சாயங்காலமா மாத்தி நிழலில் வைங்க. முதல் சில நாள் இலை தொங்கும். அதைப் பார்த்து திரும்பத் திரும்ப தண்ணீர் ஊத்தாதீங்க; மேல் ஒரு அங்குல மண் காய்ந்த பிறகு ஊத்தினால் போதும்.