கார்ட்டில் போட்டால் வாங்கியதாகிவிடுமா? ஒரு நீலகிரி டீ பாக்கெட்டின் கதை

கோவை ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் திவ்யா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வார இறுதியில் குன்னூர் போனவர், அங்கே பால் விடாத டீ ஒன்று குடித்தார். திங்கட்கிழமை காலை வீட்டு டீயைக் குடித்ததும், "என்னம்மா, நம்ம டீ வாசமே இல்லாம இருக்கு?" என்கிறார்.

வாங்கும் பயணம் இங்கேதான் தொடங்குகிறது. தேவையை உணர்தல், தகவல் தேடுதல், ஒப்பிடுதல், வாங்கும் முடிவு, வாங்கிய பிறகான அனுபவம் என்று ஐந்து கட்டங்களாக மார்க்கெட்டிங் பாடம் இதைப் பிரிக்கிறது. 1968-ல் எங்கல், கொல்லட், பிளாக்வெல் என்ற மூவரின் புத்தகம் மூலம் பரவலான கணக்கு இது.

ஒன்றைக் கவனியுங்கள். டீத்தூள் டப்பா காலியாகியிருந்தால், திவ்யா வழக்கமான பிராண்டையே ஆர்டர் செய்திருப்பார். தேடலும் இல்லை, ஒப்பீடும் இல்லை. இங்கே டப்பா நிறைய இருக்கிறது, மனசுதான் நிறையவில்லை. அதனால்தான் புது பிராண்டுக்குக் கதவு திறக்கிறது.

ஆபீஸில் கோத்தகிரிக்காரர் ஒருவரிடம் கேட்கிறார். "நீங்க குடிச்சது ஆர்த்தடாக்ஸ் டீயா இருக்கும். இலையைச் சுருட்டித் தயாரிக்கிறது. நம்ம வீட்டுல பால் ஊத்திப் போடுறது சி.டி.சி., குருணை குருணையா இருக்கும்" என்கிறார் அவர். இது தகவல் தேடல்.

இரவு மொபைலில் மூன்று பாக்கெட்டுகளை கார்ட்டில் போடுகிறார். விலை பார்க்கிறார், ரிவ்யூ படிக்கிறார், இரண்டை நீக்குகிறார். இது எந்தக் கட்டம்?

கார்ட் என்றதும் பலர் 'வாங்கும் முடிவு' என்று சொல்லிவிடுவார்கள். இல்லை, இது ஒப்பிடுதல்தான். கை என்ன செய்கிறது என்று பார்க்காதீர்கள். மனதில் ஓடும் கேள்வியைப் பாருங்கள். 'எது நல்லது?' என்ற கேள்வி ஓடும்வரை ஒப்பீடு. 'இப்பவே வாங்கட்டுமா, எங்கே வாங்கட்டும்?' என்று மாறினால்தான் வாங்கும் முடிவு. அந்தக் கட்டத்திலும் கை நழுவலாம். "அப்பாவுக்கு பால் டீதானே, இது எதுக்கு?" என்று அம்மா கேட்டாலோ, 'ஸ்டாக் இல்லை' என்று ஆப் காட்டினாலோ விருப்பம் விருப்பமாகவே நின்றுவிடும்.

திவ்யா பணம் கட்டிவிட்டார். பாக்கெட் வந்தது. அம்மா வழக்கம்போல பாலோடு சேர்த்துக் கொதிக்க வைத்தார். கலரும் இறங்கவில்லை, வாசமும் இல்லை. "இதுக்கா இவ்வளவு காசு?" ரிவ்யூவில் ஒரே ஒரு ஸ்டார்.

ஏமாற்றம் தெரிவது ஐந்தாம் கட்டத்தில். காரணமோ இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் இலையைக் கொதிக்கவிடக் கூடாது. சூடான தண்ணீரை ஊற்றி மூன்று நான்கு நிமிடம் மூடி வைத்து வடிகட்ட வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை. பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க மலைப்படம், செய்முறை பின்னால் பொடி எழுத்தில் என்றால், அது பிராண்டின் தப்பு. டீயின் தப்பு இல்லை.

பிராண்ட் முடிவுகள் என்றால் லோகோவும் கலரும் மட்டுமில்லை. நீலகிரியில் முதல் கேள்வியே 'யாருடைய பெயரில் விற்பது?' என்பதுதான். தொழிற்சாலைகளின் தூள் குன்னூர் ஏலத்துக்கு மூட்டையாகப் போகும்போது தொழிற்சாலையின் பெயர் கூடவே இருக்கும். பாக்கெட் கம்பெனி வாங்கி வேறு ஊர்த் தூளோடு கலந்ததும் அந்தப் பெயர் போய்விடும். பிறகு திவ்யா ஒப்பிடும் பட்டியலில் இருப்பது பாக்கெட் கம்பெனியின் பெயர் மட்டுமே. பச்சை இலை கொடுத்த சிறு விவசாயியின் ஊர் அந்தப் போட்டியிலேயே இல்லை.

சொந்தப் பெயரில் விற்கும் வழியும் உண்டு. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இண்ட்கோசர்வ், 'ஊட்டி டீ' என்ற பெயரில் ரேஷன் கடைகள் வழியாக விற்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பெயரை அறிமுகம் செய்ய விளம்பரமே வேண்டாம். ஆனால் விலை உயர்ந்த ஆர்த்தடாக்ஸ் டீயையும் இதே பெயரில் விற்கலாமா? 'ரேஷன் டீக்கு இவ்வளவு விலையா?' என்ற எண்ணம் ஒப்பீட்டுக் கட்டத்திலேயே குறுக்கே வரும். அந்த ரகத்துக்குத் தனிப் பெயர் வைப்பதே புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

'நீலகிரி' என்ற ஊர்ப்பெயரையே முத்திரையாக்கலாமே என்று கேட்கலாம். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் அது ஆர்த்தடாக்ஸுக்கு மட்டும். மலையில் தயாராவதில் பெரும்பகுதி சி.டி.சி. என்பதால், பெரும்பாலான இலைக்கு அந்த முத்திரை கிடைக்காது.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. ஒரு மாதம் கழித்து, கோத்தகிரி நண்பர் சொன்னபடி திவ்யா டீ போட்டுப் பார்க்கிறார். குன்னூர் வாசம் வருகிறது. ஒரு ஸ்டாரை நான்காக மாற்றிவிட்டு, அக்காவுக்கு லிங்க் அனுப்புகிறார். திவ்யாவுக்கு இது ஐந்தாம் கட்டம். அந்த லிங்க்கைத் திறக்கும் அக்கா எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது, அவர் வீட்டு டீ அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.