மறைந்திருக்கும் படுக்கைகள்

நுழையும்முன்

நோயைக் குணப்படுத்துவது மருத்துவரின் பணி. அந்த மருத்துவரிடம் நோயாளி உரிய நேரத்தில் சென்று சேர்வதை உறுதிசெய்வது யாருடைய பணி? இவ்வினாவிற்கு விடையாக அமையும் துறையே மருத்துவமனை நிர்வாகம்.

பகல் பன்னிரண்டு மணி. மூச்சுத்திணறலோடு வந்த முதியவர் ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார். உடனே வார்டில் சேர்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். ‘படுக்கை காலியில்லை’ என்று விடை வருகிறது. அதே வேளையில், மேல்தளத்தில் ஒருவர் உடைமாற்றிக்கொண்டு, பையைக் கட்டிவைத்துக்கொண்டு, படுக்கையின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். வீட்டுக்குச் செல்லலாம் என்று காலை பத்து மணிக்கே அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால், அவர் புறப்பட்டு, படுக்கை அடுத்தவருக்கு ஆயத்தமாகும்போது மணி நான்காகிவிடும்.

இந்த ஆறு மணிநேரம் எங்கே செல்கிறது? அதனைத் தேடிக் கண்டறிவது மருத்துவமனை நிர்வாகியின் பணி. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 40 பேர் வீடு திரும்பும் மருத்துவமனை ஒன்றைக் கொள்வோம். ஒவ்வொருவரின் படுக்கையும் 6 மணிநேரம் காத்திருந்தால், மொத்தம் 240 மணிநேரம் படுக்கைகள் வீணாகின்றன. இதனை ஒரு நாளின் 24 மணிநேரத்தால் வகுத்தால் 10 கிடைக்கிறது. அதாவது, பத்துப் படுக்கைகள் நாள் முழுவதும் பயன்படாமல் கிடப்பதற்கு இது சமமாகும். புதிய கட்டடம் கேட்பதற்கு முன் இந்தப் பத்தினை மீட்க முடியுமா என்று நிர்வாகி சிந்திக்கிறார்.

அவர் முதலில் யாரையும் குறை கூறுவதில்லை. கடிகாரத்தோடு நோயாளியின் கோப்பினைப் பின்தொடர்கிறார். சிகிச்சைச் சுருக்கம் எழுதி முடிக்க இரண்டரை மணிநேரம், எஞ்சிய மருந்துகளை மருந்தகத்தில் திருப்பிக் கணக்கிட 45 நிமிடம், இறுதிக் கட்டணம் கணக்கிட 30 நிமிடம், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்கு ஒன்றே முக்கால் மணிநேரம், படுக்கையைத் தூய்மை செய்ய 30 நிமிடம் என அவர் குறித்துக்கொள்கிறார். கூட்டிப் பார்த்தால் ஆறு மணிநேரம்.

கட்டணப் பிரிவின் முன்தான் கூட்டம் தெரிகிறது. ஆகவே, அங்கே மேலும் ஓர் ஊழியரை அமர்த்தலாம் என்று தோன்றும். ஆனால், அப்பிரிவு எடுத்துக்கொள்வது அரைமணி நேரமே. உண்மையான தடை சிகிச்சைச் சுருக்கத்தில் இருக்கிறது. அதனை முதல் நாள் மாலையிலேயே எழுதிவைத்து, காலையில் மருத்துவர் திருத்தி ஒப்பமிட்டால் 30 நிமிடம் போதும். மருந்துகளையும் மாலையிலேயே பெரும்பாலும் திருப்பிவிட்டால் 15 நிமிடமே ஆகும். இப்போது மொத்த நேரம் மூன்றரை மணியாகக் குறைகிறது; நான்கு படுக்கைகளுக்குச் சற்று மேல் மீள்கின்றன. பத்தும் மீளவில்லை. காப்பீட்டு ஒப்புதல் மருத்துவமனைக்கு வெளியே நிகழ்வது. தூய்மை செய்யும் நேரத்தையோ குறைக்கக் கூடாது; குறைத்தால் ஒருவரின் கிருமி அடுத்தவரைத் தொற்றும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. விரைவுக்காக, முழுதும் தேறாதவரை அனுப்பிவிடக் கூடாது. ஆகவே, வீடு சென்றவர்களுள் 30 நாள்களுக்குள் எத்தனை பேர் மீண்டும் சேர்க்கப்பட்டனர் என்பதையும் நிர்வாகி கணக்கிட்டு வருகிறார். அவ்வெண்ணிக்கை உயர்ந்தால், விரைவு எல்லை மீறிவிட்டதோ என்று உடனே ஆராய வேண்டும்.

தடை எப்போதும் படுக்கையில் இருப்பதில்லை. மதுரையில் 1976ஆம் ஆண்டு, அரசுப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அரிதாக இருந்தது அறுவை மருத்துவரின் நேரம். ஆகவே, ஒருவருக்கு அருகருகே இரண்டு மேசைகள் அமைக்கப்பட்டன. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளியை மற்றொரு மேசையில் பயிற்சிபெற்ற பெண் ஊழியர்கள் ஆயத்தம் செய்தனர். மருத்துவர் காத்திருக்க வேண்டிய நேரம் மறைந்தது. இம்மருத்துவமனையின் நிர்வாகத்தை வளர்த்தவர்களுள் ஒருவரான ஆர்.டி. துளசிராஜ், மருத்துவர் அல்லர், மேலாண்மை பயின்றவர்.

இத்துறைக்குள் நுழைய இரண்டு வாயில்கள் உள்ளன என்பதற்கு இவ்விருவரும் சான்று. மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் பயிலலாம். புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் அப்படிப்பு உண்டு. பிற பட்டதாரிகள் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாம். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதனை வழங்குகிறது. மருத்துவராக இருந்து வருபவர் நோயை அறிவார். கணக்கையும் காப்பீட்டையும் கற்க வேண்டும். பட்டதாரியாக வருபவர் கணக்கை அறிவார். வார்டில் நின்று, செவிலியரின் ஓர் இரவுப்பணி எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்துக் கற்க வேண்டும்.

மாணவர்களே, அடுத்த முறை மருத்துவமனையில் காத்திருக்க நேர்ந்தால், கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துப் பாருங்கள். கூட்டம் நிற்கும் இடமும் தடை இருக்கும் இடமும் ஒன்றுதானா என்பது அப்போது விளங்கும்.